கடைசித் தவணை வேறு, பிடித்தம் வேறு: கான்ட்ராக்ட் தாளில் எழுதும் முறை

கொத்தனாராக இருந்து இப்போதுதான் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரேட் போடுவது, அளவு எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் கடைசி இருபது சதவீதத்தில்தான், நம் லாபமும் அந்த இருபதுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு இது புரிந்தது ஏற்காட்டில். ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, 12 லட்சத்துக்கு ஒரு சின்ன ஹோம்ஸ்டே கட்டிக் கொடுத்தேன். மார்ச்சில் வேலை முடிந்தது. மே மாதம், கோடை விழா நேரம், பாக்கி கேட்கலாம் என்று மேலே போனால் வாசலில் மூன்று கார் நிற்கிறது, மாடிக் கைப்பிடியில் விருந்தாளிகளின் துண்டு காய்கிறது. உரிமையாளரைக் கேட்டால், "வேலை இன்னும் முழுசா முடியலையே, பாத்ரூம் கதவு இறுக்குதே" என்கிறார். என் தாளில் இருந்ததோ ஒரே வரி: "மீதி 2,40,000 ரூபாய், வேலை முழுமையாக முடிந்து உரிமையாளர் திருப்தியடைந்த பின்." திருப்திக்கு ஏது தேதி? நவம்பர் வரை இழுத்து, மழையில் ஒரு கசிவைக் காட்டி, நாற்பதாயிரம் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

அதே 12 லட்சம் வேலையை இன்று எடுத்தால் தாளை எப்படி எழுதுவேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு பணத்தையும் பிரியுங்கள்

கடைசித் தவணை என்பது செய்து முடித்த வேலைக்கான கூலி. பிடித்தம், அதாவது ரிடென்ஷன், அப்படி இல்லை. அதுவும் நாம் சம்பாதித்த பணம்தான், ஆனால் பிறகு ஏதாவது குறை வெளியே வந்தால் நாம் வந்து சரிசெய்வோம் என்பதற்கு உத்தரவாதமாக அவர் கையில் விட்டு வைப்பது. இரண்டையும் "பேலன்ஸ்" என்று ஒரே வரியில் போட்டால், ஒரு கதவு இறுக்கத்துக்கு இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்.

நான் போடும் கணக்கு இது. பேஸ்மென்ட் முடிந்தால் 3,00,000, ரூஃப் காங்கிரீட் போட்டால் 4,20,000, பூச்சும் ஒயரிங்கும் முடிந்தால் 3,00,000, சாவி கொடுக்கும்போது 1,80,000. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தம். மொத்தம் 60,000 ஆகிறது. 10 சதவீதம் கேட்பவர்களும் உண்டு, ஆனால் சின்ன வேலையில் அவ்வளவு விட்டால் அடுத்த வேலைக்குக் கம்பி வாங்கக் காசு இருக்காது.

பிடித்தத்தில் பாதி, 30,000, சாவி கொடுத்ததும் திரும்பி வர வேண்டும். மீதி பாதி குறைதீர்ப்புக் காலம் முடிந்ததும். ஆக, சாவி கொடுக்கும்போது வர வேண்டியது கடைசி பில்லில் பிடித்தம் போக 1,71,000, அதோடு 30,000, மொத்தம் 2,01,000. அவரிடம் நிற்பது 30,000 மட்டும். இந்த எண்களை ரூபாயிலேயே தாளில் எழுதுங்கள். சதவீதமாக மட்டும் இருந்தால் எதன் மீது சதவீதம் என்று அப்புறம் சண்டை வரும்.

படி 2: "முடிந்தது" என்றால் என்ன?

முழுத் தாளிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த வரியில்தான். "திருப்தி" என்ற சொல்லை எடுத்துவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைப் போடுகிறேன்:

"வேலை முடிந்ததாக ஒப்பந்ததாரர் எழுத்தில் தெரிவித்த 7 நாளுக்குள் இருவரும் சேர்ந்து பார்த்து, குறை இருந்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 7 நாளில் உரிமையாளர் வராவிட்டாலோ, கட்டிடத்தைக் குடியிருக்கவோ வாடகைக்கு விடவோ ஆரம்பித்துவிட்டாலோ, அன்றே ஒப்படைப்பு ஆனதாகக் கொள்ளப்படும்."

அந்த இரண்டாவது வாக்கியம் என்னிடம் அன்று இருந்திருந்தால் மூன்று காரும் எனக்குச் சாட்சியாகியிருக்கும். உரிமையாளர் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிற ஏற்காட்டு வேலைகளில் இது கட்டாயம் வேண்டும், ஏனென்றால் "அடுத்த வாரம் வரேன்" என்பது சீசன் முடியும் வரை நீளும்.

சேர்ந்து பார்க்கும் நாளில் மொட்டை மாடியில் தண்ணீர் தேக்கிக் காட்டுங்கள். வடிகால் குழாயைத் துணி வைத்து அடைத்து, ஓரத்தில் சிமென்ட் வரப்பு கட்டி, 24 மணி நேரம் தண்ணீர் நிற்க விட்டு, அடுத்த நாள் கீழே சீலிங்கில் ஈரத் திட்டு இருக்கிறதா என்று அவரையே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பின்னால் நவம்பர் மழையில் கசிந்தால் அது பிடித்தத்தில் பேச வேண்டிய குறை, கடைசித் தவணையை நிறுத்தக் காரணம் ஆகாது.

படி 3: குறைக்கு எவ்வளவு நிறுத்தலாம்

குறையே இல்லாத கட்டிடம் கிடையாது. அவருக்கும் கொஞ்சம் பிடி இருக்கத்தான் வேண்டும், அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பிடிக்கு அளவு வேண்டும். "பட்டியலில் உள்ள குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவின் இரண்டு மடங்கு வரை மட்டும் நிறுத்தலாம், மீதியைக் கெடு தேதிக்குள் கொடுக்க வேண்டும், குறை சரியானதும் நிறுத்தியதை 7 நாளில் கொடுக்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

நம் ஹோம்ஸ்டேவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கதவு இழைத்து மாட்ட 1,500, பாத்ரூம் டைல்ஸ் இணைப்புக்கு 4,000, பெயின்ட் டச்சப் 2,500. மொத்தம் 8,000. இரண்டு மடங்கு 16,000. ஆகவே 2,01,000-இல் 16,000 நிறுத்தி, 1,85,000 அவர் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு மடங்கு ஏன் என்றால், நாம் வராமல் போனால் அவர் வேறு ஆளை மலை ஏற்றிக் கூட்டி வர வேண்டும், சின்ன வேலைக்கு அவ்வளவு தூரம் வருகிறவர் கூடத்தான் கேட்பார்.

படி 4: வட்டி

நம் ஊரில் "ஒன்றரை வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்று எல்லோருக்கும் தெரியும். தாளில் "1.5% வட்டி" என்று மட்டும் எழுதினால், வருடத்துக்கு ஒன்றரைதானே என்று ஒருவர் வாதாடலாம். "ஆண்டுக்கு 18 சதவீதம், தனி வட்டி, கெடு தேதிக்கு மறுநாளிலிருந்து பணம் வரும் நாள் வரை" என்று முழுசாக எழுதுங்கள். கோபத்தில் ஐந்து வட்டி, பத்து வட்டி என்று போடாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, அபராதம் போல் போட்ட தொகையை நீதிமன்றம் நியாயமான அளவுக்குக் குறைக்கலாம்.

கெடு தேதி இல்லாமல் வட்டி ஓடாது, அதனால் "பில் கொடுத்த 15 நாளுக்குள்" என்று சேர்க்க வேண்டும். மார்ச் 10 பில் கொடுத்தால் மார்ச் 25 கெடு. அவர் ஜூன் 6 அன்று கொடுக்கிறார் என்று வையுங்கள். மார்ச்சில் 6 நாள், ஏப்ரலில் 30, மே 31, ஜூன் 6, ஆக 73 நாள்.

```
185000 × 18/100 × 73/365 = 6660
```

வட்டி 6,660 ரூபாய். நிறுத்தி வைத்த 16,000-க்கு இதில் வட்டி போடக் கூடாது, அது ஒப்பந்தப்படி நிறுத்தியது. இந்தச் சின்ன நேர்மை இருந்தால் மீதிக் கணக்கை மறுக்க அவருக்குச் சிரமம்.

தாளில் வட்டி எழுதாமல் விட்டுவிட்டீர்களா? அப்போதும் வழி உண்டு. 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் பணத்துக்குத் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்தும், இல்லாவிட்டால் "இன்ன தேதியிலிருந்து வட்டி கேட்பேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த நோட்டீஸில் சொன்ன தேதியிலிருந்தும் நீதிமன்றம் வட்டி கொடுக்கலாம். போனில் நூறு தடவை கேட்டாலும் அது நோட்டீஸ் ஆகாது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் உத்யம் பதிவு பற்றியும் கேட்பீர்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன கெடு இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் சேரும் கூட்டு வட்டி. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் பொருளும் வேலையும் சேர்ந்த கட்டிட கான்ட்ராக்ட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து வையுங்கள், ஆனால் அதை நம்பித் தாளில் வட்டி எழுதாமல் விடாதீர்கள்.

படி 5: கடைசி 30,000

குறைதீர்ப்புக் காலம் 12 மாதம் என்று போடுங்கள். ஆறு மாதம் என்று குறைத்துக் கேட்க ஆசை வரும், எனக்கும் வந்தது. மார்ச்சில் ஒப்படைத்த வீட்டுக்கு ஆறு மாதம் என்றால் செப்டம்பரோடு முடிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்க்காத உத்தரவாதத்தை மலையில் வீடு வைத்திருப்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொண்டாலும் மழை முடியும் வரை பணத்தைத் தர மாட்டார். நேராக 12 என்று எழுதி, முடியும் தேதியையும் நாள் மாதம் வருடத்தோடு போட்டுவிடுவது நிம்மதி.

எது குறை என்பதையும் ஒரு வரி சேருங்கள். பூச்சு வெடிப்பு, கசிவு, குழாய் இணைப்பு விடுவது எல்லாம் நம் தலையில். சில்வர் ஓக் இலை விழுந்து மழைநீர்க் குழாய் அடைத்து மாடியில் தண்ணீர் நின்றால் அது பராமரிப்பு, அவர் தலையில். ஏற்காட்டில் பாதிச் சண்டை இந்த இலையால்தான்.

இந்தப் பணத்தை யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே "இன்ன தேதியில் வந்து பார்க்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டு, கையோடு ஒரு கொத்தனாரையும் கொஞ்சம் ஒயிட் சிமென்ட்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள். இருப்பதைச் சரிசெய்து, அதே தாளின் பின்பக்கத்தில் "குறை இல்லை, பிடித்தம் 30,000 கொடுக்க வேண்டியது" என்று எழுதி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அன்றே காசு வராவிட்டாலும் பரவாயில்லை. இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான் கெடு, கெடு முடிவதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த 3 வருடம் அன்றிலிருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும்.