ஒரு வேளைச் சமையலுக்குக் கேஸ் எவ்வளவு, இண்டக்‌ஷன் எவ்வளவு? மூன்று பேர் கொண்ட ஒரு தருமபுரி வீட்டின் கணக்கு

இண்டக்‌ஷன் அடுப்பு மலிவா, கேஸ் அடுப்பு மலிவா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. தமிழ்நாட்டில் மின்சாரத்தின் விலை, அந்த வீடு ஏற்கெனவே எத்தனை யூனிட் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. எனவே அடுத்த வீட்டாருக்கு மிச்சமானது உங்களுக்கும் மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. தருமபுரியில் எங்கள் வீட்டில் இரண்டு பெரியவர்களும் பள்ளி செல்லும் ஒரு பிள்ளையும் இருக்கிறோம். எங்களுக்காகப் போட்ட கணக்கை, நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கும் விதத்தில் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கேஸை எடை போடுதல்

சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதை மட்டும் வைத்துக் கணக்கிடலாம் என்றாலும், ஊருக்குப் போன நாள்களும் விருந்தாளிகள் வந்த நாள்களும் அதில் கலந்துவிடுவதால், ஒரு வாரத்துக்கான எடையை எடுப்பதே நம்பகமானது. பயணப் பெட்டிகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். 50 கிலோ வரை தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். குளியலறை எடைக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலிண்டரை அதன்மேல் வைத்தால் எண் தெரியும் பகுதியே மறைந்துவிடும்.

ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வின் மேல் பாதுகாப்பு மூடியைப் பொருத்திய பிறகே சிலிண்டரைத் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முழுவதும் கேஸில் மட்டுமே சமைத்து, மீண்டும் எடை பாருங்கள். ஒரே ஒரு வேளைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதால் பயனில்லை. ஒரு வேளைக்கு 100 கிராம் அளவில்தான் கேஸ் செலவாகிறது. 30 கிலோவுக்கு அருகில் இருக்கும் ஒரு பொருளைத் தூக்கும் தராசில் 50 கிராம் முன்பின்னாகக் காட்டுவது இயல்பு. வாரக் கணக்கில் அந்தப் பிழை பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்கிவிடும்.

எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ ஆகிறது. அதை 21 வேளைகளுக்குப் பிரித்தால் வேளைக்கு 95 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு வந்து சேர ஆகும் மொத்தச் செலவை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ 63 ரூபாய் 40 காசு; ஒரு வேளைக்கு ஏறத்தாழ 6 ரூபாய். உங்கள் ரசீதில் வேறு தொகை இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யூனிட்டை அளத்தல்

அடுத்த வாரம் அதே குடும்பத்துக்கு, அதே வகைச் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய வேண்டும். வீட்டு மீட்டரைப் பார்த்து இதைக் கணக்கிட முயன்றால் பிரிட்ஜ், மின்விசிறி, மோட்டார் எல்லாம் சேர்ந்து குழப்பும். சுவர் பிளக்குக்கும் அடுப்பின் பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய யூனிட் மீட்டர் கிடைக்கிறது. 16 ஆம்பியர் தாங்கும் வகையையே வாங்குங்கள். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால், 6 ஆம்பியர் பிளக்கிலோ சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ செருகினால் பிளக் சூடேறி உருகத் தொடங்கும். அடுப்பை நிறுத்தியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால், மேலும் அளப்பதற்கு முன் வயரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் காந்தம் உறுதியாக ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும் என்பவை பலருக்கும் தெரிந்தவையே. நம் பகுதியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. களி கிண்டும் அலுமினியக் குண்டான் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும் எஃகுப் பாத்திரத்துக்கு மாறினாலும், துடுப்பை அழுத்திக் கிளறும்போது வழுவழுப்பான கண்ணாடியின் மேல் பாத்திரம் நகர்ந்துகொண்டே இருக்கும். மாவு வேகும் வரை இண்டக்‌ஷனில் வைத்துவிட்டு, பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுவது ஒரு வழி. அதைவிட, களியைக் கேஸுக்கே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. நீங்களும் அப்படிச் செய்தால் இரண்டு வாரங்களிலும் களி வேளைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அதாவது அந்த வேளைகளின்போது எடை பார்க்கும் சிலிண்டரைப் பயன்படுத்தாதீர்கள், அல்லது களி இல்லாத வாரமாகத் தேர்ந்தெடுங்கள்.

குக்கரில் முதல் விசில் வந்ததும் 400 முதல் 600 வாட்டுக்குக் குறைக்க வேண்டும். கேஸில் தீயைச் சிம்மில் வைக்கும் அதே பழக்கம்தான் இது. முழு வேகத்திலேயே விட்டால் தேவையற்ற நீராவியாகவே யூனிட் போய்விடும், அளவீடும் பொய்யாகும்.

எங்களுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 16 யூனிட் வந்தது. அதாவது வேளைக்கு 0.76 யூனிட். 2 கிலோ கேஸுக்கு 16 யூனிட் என்றால், ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலையை 8 யூனிட் மின்சாரம் செய்கிறது. இந்த விகிதம் சரிதானா என்று வேறு வழியிலும் சோதிக்கலாம். ஒரு கிலோ கேஸை எரித்தால் ஏறத்தாழ 12.8 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் வருகிறது. அதில் பாதி அளவே பாத்திரத்துக்குள் சேர்கிறது. மீதி பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி, சமையலறைக் காற்றோடு போய்விடும். இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் எட்டில் ஏழு பங்கு வரை உள்ளே சேர்கிறது. எனவே 7 முதல் 9 யூனிட் வரை வருவது இயல்பு. உங்களுக்கு 5 என்றோ 12 என்றோ வந்தால், ஏதோ ஒரு வாரத்தில் குளிக்க வெந்நீர் வைத்தது போன்ற ஒன்று கலந்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் படி: எந்த விலைக்கு அந்த யூனிட்?

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. மின் ரசீதின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை எடுத்துக்கொள்வார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அந்தச் சராசரி எப்போதும் குறைவாகவே தெரியும். ஆனால் இண்டக்‌ஷன் சேர்க்கும் யூனிட்டுகள் ஏற்கெனவே உள்ள செலவின் உச்சியில்தான் போய் உட்காரும். அவற்றுக்கு உச்சிப் படியின் விலையையே கொடுக்க வேண்டும்.

இக்கணக்கில் நான் எடுத்துக்கொண்டவை, 2024 ஜூலையில் மாறிய கட்டணத்தில் மானியம் போக வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கான விலைகள்: 100 வரை இலவசம், 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு, அதைத் தாண்டி 600 வரை 8 ரூபாய் 40 காசு. உங்கள் ரசீதில் வேறு விலை இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிடும் முறை மாறாது.

ஒரு கிலோ கேஸ் 63 ரூபாய் 40 காசு. அதற்கு ஈடு 8 யூனிட். ஆக, யூனிட் 7 ரூபாய் 90 காசுக்குக் கீழே இருக்கும் வரை இண்டக்‌ஷன் மலிவு, அதற்கு மேல் போனால் கேஸ் மலிவு. வேளைக் கணக்கில் சொன்னால், கேஸுக்கு 6 ரூபாய் ஆகும் அதே சமையலுக்கு 4.70 படியில் 3 ரூபாய் 57 காசும், 6.30 படியில் 4 ரூபாய் 79 காசும், 8.40 படியில் 6 ரூபாய் 38 காசும் ஆகிறது.

கடைசி எண்ணைப் பார்த்து, வித்தியாசம் வெறும் 38 காசுதானே என்று விட்டுவிடக் கூடாது. மொத்தச் செலவு 500 யூனிட்டைத் தாண்டிய உடனே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.35 என்ற சலுகை விலை போய், அவற்றுக்கும் 4.70 கொடுக்க வேண்டியதாகிறது. அதனால் ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 235 ரூபாய் தனியாக ஏறும்.

இரண்டு வீடுகளை வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் சமையல் எங்கள் வீட்டைப் போன்றதே. இரண்டு மாதத்துக்கு 17 கிலோ கேஸ், அதாவது 1,078 ரூபாய், அல்லது 136 யூனிட். முதல் வீடு சமையல் இல்லாமல் 340 யூனிட் செலவழிக்கிறது. முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 476 ஆகும். கூடும் யூனிட்டுகளில் 60-க்கு 4.70, 76-க்கு 6.30 என்ற விலையில் மொத்தம் 761 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 317 ரூபாய் மிச்சம். அடுப்பும் இண்டக்‌ஷன் குக்கரும் வாங்கிய பணம் சுமார் இரண்டு ஆண்டுகளில் திரும்பும்.

இரண்டாம் வீடு ஏற்கெனவே 430 யூனிட் செலவழிக்கிறது. முழுவதும் மாறினால் 566. 70 யூனிட்டுக்கு 441 ரூபாய், 66 யூனிட்டுக்கு 554 ரூபாய், சலுகை போனதற்கு 235 ரூபாய், ஆக 1,230 ரூபாய். கேஸைவிட 152 ரூபாய் அதிகம். அதே வீடு பாதிக்குச் சற்றுக் குறைவாக, 65 யூனிட் அளவுக்கு மட்டும் இண்டக்‌ஷனில் சமைத்தால் 495-இல் நின்றுவிடும். 515 ரூபாய் கேஸுக்குப் பதிலாக 410 ரூபாயில் வேலை முடியும். எனவே இரண்டாம் வீட்டார் செய்ய வேண்டியது, கணக்கெடுப்பு நாளுக்குப் பத்து நாள் முன்பாக மீட்டரைப் பார்த்து, 500-ஐ நெருங்கினால் கேஸுக்குத் திரும்புவதுதான். ஏர் கூலரும் மின்விசிறியும் ஓயாமல் ஓடும் பங்குனி, சித்திரையில் முதல் வீடும் இரண்டாம் வீடாக மாறிவிடக்கூடும் என்பதால், கோடைக்கால ரசீதுக்குத் தனியாகக் கணக்கிடுங்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

ஓசூரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் சிலர், வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 அல்லது 10 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் படி விலைக் கணக்கே பொருந்தாது. 8 ரூபாய் என்றால் இரண்டும் ஏறத்தாழச் சமம். 10 ரூபாய் என்றால் வேளைக்கு 7 ரூபாய் 60 காசு ஆகிவிடும் என்பதால் கேஸே நல்லது. ஒரே இணைப்பில் இரண்டு குடும்பங்கள் இருந்தால், யாருடைய அடுப்பு 500-ஐத் தாண்ட வைத்தது என்ற பேச்சு வருவதற்கு முன்பே இதைப் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் உஜ்வலா இணைப்பைப் பற்றிக் கேட்டிருந்தார். சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வந்துவிட்டால் 900 ரூபாய் சிலிண்டரின் உண்மை விலை 600 ரூபாய். கிலோவுக்கு 42 ரூபாய் 25 காசு. சமநிலை விலை யூனிட்டுக்கு 5 ரூபாய் 28 காசாக இறங்குகிறது. வேளைக்கு கேஸ் 4 ரூபாய், 4.70 படியில் இண்டக்‌ஷன் 3 ரூபாய் 57 காசு. 200 யூனிட்டைத் தாண்டி 400-க்குள் இருப்பவருக்குக்கூட வேளைக்கு 40 காசு அளவே மிச்சமாகும் நிலையில், இதற்காகப் புதிய அடுப்பும் பாத்திரங்களும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மானியத்துக்கு உரிய சிலிண்டர்களின் எண்ணிக்கைக்கு ஆண்டு வரம்பு உண்டு. அதைத் தாண்டி வாங்கும் சிலிண்டருக்கு முழு விலையான கணக்கே பொருந்தும்.