ஆனிக் கடைசியில் எண்ண வேண்டிய பணம்: திருமண வீடியோ எடுத்துக்கொண்டே ஆவணப்படம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் திருமண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டே சொந்தமாக ஓர் ஆவணப்படம் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் நான் அறிந்த வரையில் ஏராளம். ஆனால் படத்தை முடித்தவர்கள் மிகச் சிலரே. அவர்களிடம் திறமை குறைவு என்றோ ஊரில் வேலை கிடைப்பதில்லை என்றோ நான் நினைக்கவில்லை. முகூர்த்த நாள்களை ஒட்டி வரும் பணத்தை மாதச் சம்பளத்தைப் போலச் செலவழிப்பதும், ஒரு திருமணம் உண்மையில் எத்தனை நாள்களை விழுங்குகிறது என்று எண்ணிப் பாராததுமே பெரும்பாலும் காரணம். என்னிடம் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்து, பின்னர் அம்மாப்பேட்டையில் தனியாகத் தொழில் தொடங்கிய ஒரு தம்பியின் கணக்கை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். ஏற்காட்டின் காப்பித் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அவர் ஒரு திருமணத்துக்கு 45,000 ரூபாய் வாங்கினார். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், ஆக இரண்டு நாள் வேலை என்பது அவர் எண்ணம். இரண்டாவது கேமராக்காரர், டிரோன், விளக்குப் பிடிக்கும் பையன், வண்டி, சாப்பாடு, பென்டிரைவ் எல்லாம் சேர்ந்து 16,000 போக, கையில் 29,000 நிற்கும். ஒரு நாளைக்கு 14,500 ரூபாய் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, நன்றாகத்தானே போகிறது என்று இருந்தார்.

அவரை ஒரு நோட்டில் மணிக்கணக்கை எழுதச் சொன்னேன். படப்பிடிப்பு 16 மணி நேரம். முன்னேற்பாடும் பயணமும் 4. மெமரி கார்டுகளிலிருந்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுத்துச் சரிபார்க்க 3. எடுத்ததை முழுவதும் ஓட்டிப் பார்க்க 6. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் மேடையேறி நிற்பது வரை இருக்க வேண்டிய டிரெடிஷனல் வீடியோவைத் தொகுக்க 30. நான்கு நிமிட ஹைலைட்ஸுக்கு 16. ‘மாமா வரவே இல்லையே, அந்தப் பாட்டை மாற்றிவிடுங்கள்’ என்று வரும் திருத்தங்களுக்கு 5. மொத்தம் 80 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் அது பத்து நாள் வேலை. ஆக அவருடைய உண்மையான நாள் வருமானம் 2,900 ரூபாய்தான். கேமராவுக்கும் லென்ஸுக்கும் மாதம் 11,000 தவணை போகிறது. ஆண்டுக்கு 24 திருமணம் என்று வகுத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 5,500 ரூபாய் ஏறும். நாள் வருமானம் 2,350க்கு இறங்கிவிடும்.

இதில் கூலி குறைவு என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மாதத்துக்கு 47,000 என்பது சேலத்தில் ஒரு குடும்பம் நடத்தக்கூடிய தொகைதான். ஆனால் 24 திருமணத்தைப் பத்து பத்து நாளாகக் கூட்டினால் 240 நாள் ஆகிறது. ஞாயிறும் பண்டிகையும் போக ஓர் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். காப்பித் தோட்டத்துக்குப் போக அவருக்குப் போதிய நாள் மிஞ்சாமல் இருந்தது சோம்பலால் அல்ல என்பது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

நேரம் இல்லை என்று உணர்ந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, வேலையைக் குறைத்துக்கொள்வது. அவரும் இனி 18 திருமணம் மட்டும் எடுப்பதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் அறுபது நாள் கிடைக்கும். தவணை போக வருமானம் மாதம் 32,500க்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக 24 திருமணத்தையும் எடுத்து, அந்த 30 மணி நேர டிரெடிஷனல் தொகுப்பை மட்டும் 5,000 ரூபாய்க்கு வேறொரு எடிட்டரிடம் கொடுத்தால், ஆண்டுக்கு 720 மணி நேரம், அதாவது தொண்ணூறு நாள் விடுபடும். வருமானமும் மாதம் 37,000 நிற்கும். நாளும் கூடுதல், பணமும் கூடுதல். எந்த வேலையை வெளியே கொடுக்கிறோம் என்பதை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுத்ததை ஓட்டிப் பார்க்கும் அந்த ஆறு மணி நேரத்தை யாரிடமும் கொடுக்கக் கூடாது. கை எங்கே ஆடியது, தாலி கட்டும் நேரத்தில் ஏன் தவறான பக்கம் நின்றோம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஹைலைட்ஸ் தொகுப்பும் வெட்டின் தாளத்தைப் பழக்கும். பதினைந்தாவது முறையாக வரிசையில் நிற்கும் விருந்தினர்களைத் தொகுப்பது எதையும் கற்றுத் தருவதில்லை.

அடுத்த தவறு முன்பணத்தை வருமானமாக எண்ணுவது. அவர் பதிவு செய்யும்போது 10,000, திருமணத்தன்று 25,000, வீடியோ கொடுக்கும்போது 10,000 என்று வாங்கிவந்தார். ஓர் ஆண்டு ஆனியில், ஆவணி மாதத்து நான்கு திருமணங்களுக்கு 40,000 முன்பணம் வந்தது. அதைக் கொண்டு ஒரு லென்ஸ் வாங்கிவிட்டார். ஆடியில் மணப்பெண் வீட்டில் ஒரு சாவு விழ, ஒரு திருமணம் தள்ளிப்போனது. அவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்கக் கையில் பணம் இல்லை, அந்தத் தேதிக்காக வேறொருவரைத் திருப்பி அனுப்பியதும் சேர்ந்து நட்டமாயிற்று. முன்பணம் என்பது தேதியைப் பிடித்து வைப்பதற்கானது, திருமணம் தள்ளிப்போனால் அடுத்த தேதிக்குக் கணக்கில் சேரும், ரொக்கமாகத் திரும்பாது என்று கொட்டேஷனிலேயே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படப்பிடிப்பு முடியும் வரை அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில் கிடக்க வேண்டும். கடைசித் தவணையை, பெயர் குறுக்கே ஓடும் பிரதியைக் காட்டி ஒப்புதல் வாங்கியபின், சுத்தப் பிரதியைக் கொடுப்பதற்கு முன் வாங்கிவிட வேண்டும்; கொடுத்த பிறகு கேட்கும் பணம் எவ்வளவு தாமதமாக வரும் என்பது இத்தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டில் பன்னிரண்டு நாள் மட்டுமே வெளியே எடுக்கும் லென்ஸை நாளுக்கு 1,500 வாடகைக்கு எடுத்தால் 18,000தான் ஆகும். அதற்காக லட்சத்துக்கு மேல் கடன் வாங்குபவர் ஆடி மாதத் தவணையையும் சேர்த்தே வாங்குகிறார்.

நம் ஊரில் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் திருமணத்துக்கு ஆகாத மாதங்களாகப் பலரும் தவிர்ப்பவை. ஆடிக்குப் பணம் ஒதுக்குபவர்கள்கூடப் புரட்டாசியை மறந்துவிடுகிறார்கள். ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் நடு வரையிலான மூன்று மாதத்தில் ஆவணி ஒன்றுதான் வேலை உள்ள மாதம். எனவே கணக்கு நாளை ஆனிக் கடைசியாக வைத்துக்கொள்ளும்படி அந்தத் தம்பியிடம் சொன்னேன். தொழில் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, வைகாசியில் பணம் கொட்டினாலும் சரி, 30,000 மட்டுமே வீட்டுக் கணக்குக்கு மாற வேண்டும். ஆனி முடியும்போது மூன்று மாதச் சம்பளம் 90,000, மூன்று தவணை 33,000, ஆக முன்பணங்களைச் சேர்க்காமலே 1,23,000 ரூபாய் கணக்கில் இருக்க வேண்டும். ஆவணியில் வருவதை இதில் எண்ணக் கூடாது; தள்ளிப்போகும் திருமணத்துக்கும் பழுதாகும் கருவிக்கும் அதுதான் துணை. ஏற்காடு சாலையில் போகும்போது கண்ணில் படும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோவின் மிச்சம். அங்கே கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் போட ஒரு முதலாளி இருந்தார். இன்று தனியாளாகத் தொழில் செய்பவர் தமக்குத் தாமே அந்த முதலாளியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

முகூர்த்தம் இல்லாத மாதங்களை நிறுவனங்களுக்கான விளம்பரப் படங்களால் நிரப்பலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். வேலை கிடைக்கும், ஆனால் ஆடியில் செய்த வேலைக்கான பணம் ஆடியில் வராது. நிறுவனம் வருமான வரிக்காகப் பெரும்பாலும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். பிடித்த வரி செலுத்த வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். தாமதத்தைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்பு உண்டு. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் கட்டணமில்லாமல் பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வட்டி உண்டு. பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டுவிடுவது நல்லது. உள்ளூர் வாடிக்கையாளர் மீது வழக்குக்குப் போக நம்மில் எவரும் விரும்புவதில்லை என்றாலும், அந்த எண் பில்லை மேசையின் அடியில் போகாமல் வைக்கிறது.

இனி படத்துக்கு வருகிறேன். ‘ஆடியில் ஷூட்டிங் வைத்துக்கொள்ளலாம்’ என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. ஆனால் ஆடி பிறக்கும்போது வைகாசி, ஆனித் திருமணங்களின் தொகுப்பு மேசை நிறையக் கிடக்கும். மேலும் எடுக்க விரும்பும் பொருள் அந்த மாதத்தில் கண்ணுக்குக் கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தம்பி இரண்டு ஆண்டு ஆடியில் ஏற்காட்டுக்குப் போய், மழையில் நனைந்த பச்சைச் செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை நவம்பர் முதல் ஜனவரி வரை நடப்பது. அதன் நடுப்பகுதி நேராக மார்கழியில் விழுகிறது. பறிப்பது, தோல் நீக்குவது, களத்தில் காய வைப்பது, கூலி எண்ணுவது எல்லாம் நமக்குத் திருமணமே இல்லாத முப்பது நாளில் நடக்கின்றன. கார்த்திகைத் திருமணங்களின் டிரெடிஷனல் தொகுப்பு வெளியே போய்விட்டால் அந்த மாதம் முழுவதும் மலையில் இருக்கலாம்.

காப்பிப் பூ இவ்வளவு எளிதில் வசப்படாது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தபின் ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, சில நாளில் வாடிவிடும். அது எந்தத் தேதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சித்திரையிலோ வளர்பிறை முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும். தம்பி இதற்கு ஒரு வழி கண்டார். தினசரி நாள்காட்டியில் சித்திரைத் தேய்பிறை நாள்களைச் சிவப்பு மையால் வளைத்து, அவற்றில் எந்தப் பதிவும் ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டார். முதல் ஆண்டு மழை தப்பான நேரத்தில் பெய்து, பூ வளர்பிறையில் பூத்தது; அவர் ஓமலூர் அருகே ஒரு மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கோப்பில் இப்போது ஒரு மார்கழி முழுவதும் எடுத்த பறிப்புக் காட்சிகள் இருக்கின்றன. பூ இன்னும் இல்லை. சென்ற ஆனிக் கடைசியில் கணக்கில் 1,31,000 ரூபாய் இருந்தது, அடுத்த சித்திரைக்கும் வட்டங்கள் போட்டாகிவிட்டன.