யாருக்குத் தமிழ் எழுத்து, யாருக்கு ஆங்கில எழுத்து? வாட்ஸ்அப்பில் எழுதத் தொடங்குவோருக்கு

பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்து, நண்பர்களுக்கு ஆங்கில எழுத்து என்று வயதை வைத்துப் பலர் முடிவு செய்கிறார்கள். இது பாதிதான் சரி. தமிழ் மீடியத்தில் படித்த முப்பது வயதுக்காரருக்கு ஆங்கில எழுத்தில் வரும் தமிழ் எரிச்சலாக இருக்கலாம். மும்பையிலோ டெல்லியிலோ பிறந்து வளர்ந்த அறுபது வயது அத்தை அருமையாகத் தமிழ் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டித்தான் படிப்பார். எழுதுகிற உங்கள் விரலுக்கு எது வசதி என்பதை விட, படிக்கிறவர் கண்ணுக்கு எது வசதி என்று பார்ப்பதுதான் முறை.

1. அவருடைய பழைய செய்திகளைப் புரட்டுங்கள்

உரையாடலை மேலே தள்ளி, அவர் எந்த எழுத்தில் பதில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். தமிழில் போட்டிருந்தால் கேள்வியே இல்லை, நீங்களும் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் போட்டிருந்தால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். போனில் தமிழ் விசைப்பலகை இல்லாததால்கூட அப்படி எழுதியிருக்கலாம். அவர் தமிழில் ஏதாவது ஃபார்வர்டு செய்திருக்கிறாரா, வீட்டில் எந்தச் செய்தித்தாள் வாங்குகிறார் என்று யோசித்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நீங்கள் ஆங்கில எழுத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது, அல்லது உடனே போன் வருகிறது என்றால், அவர் அதைப் படிக்கச் சிரமப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை தமிழ் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். பதில் வருகிற விதம் மாறினால் விஷயம் புரிந்துவிடும்.

2. சொல்லப்போகிற விஷயத்தைப் பாருங்கள்

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது குறில், நெடில் வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது. ல, ள, ழ மூன்றும் பலருடைய கையில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. vali என்றால் வலியா, வழியா? kal என்றால் கல்லா, காலா? நண்பருடன் அரட்டை அடிக்கும்போது சூழலே பொருளைச் சொல்லிவிடும். மருந்து, முகவரி, பணம், நேரம் என்று வரும்போது அப்படி விட்டுவிடக் கூடாது.

ஓர் உதாரணம். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார். கவனமாகச் சொட்டு மருந்து விடச் சொல்லி நீங்கள் இப்படி அனுப்புகிறீர்கள்:

```
periyamma kanla pathu sottu vidunga
```

நீங்கள் நினைத்தது "பாத்து சொட்டு விடுங்க". அவர் படிப்பது "பத்து சொட்டு விடுங்க" என்றும் இருக்கலாம். இரண்டையும் பலர் ஒரே மாதிரிதான் அடிக்கிறார்கள். வாக்கியமும் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. எந்தக் கண், எத்தனை வேளை என்பதும் இதில் இல்லை. இதைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதலாம்:

"பெரியம்மா, காலை 8 மணிக்கும் ராத்திரி 8 மணிக்கும் வலது கண்ணுல 1 சொட்டு விடுங்க. கையைக் கழுவிட்டு, பாத்து விடுங்க."

அளவு, வேளை எல்லாம் மருத்துவர் சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. எண்களை இலக்கத்தில் போட்டதால் "பத்து" என்ற சொல்லுக்கே வேலை இல்லை. அப்புறம், எழுத்துதான் தமிழ், பேச்சு வழக்கமான பேச்சுதான். தமிழ் எழுத்தில் எழுதினாலே "விடுங்கள், கழுவிவிட்டு" என்று எழுத வேண்டும் என நினைத்துப் பலர் தயங்கி நிற்கிறார்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். பெரியம்மாவுக்கு அதுதான் உங்கள் குரல் மாதிரி இருக்கும்.

3. விசைப்பலகையைச் சேருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கும். விசைப்பலகைக்கு மேலே தெரியும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, Languages, பிறகு Add keyboard என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பல அமைப்புகள் காட்டும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு abc → தமிழ் என்பதுதான் நல்லது. ஆங்கில எழுத்தில் அடித்தால் அதுவே தமிழாக மாற்றிக் கொடுக்கும். நீங்கள் ஏற்கெனவே பழகிய விரல் பழக்கம் வீணாகாது.

ஐபோனில் Settings, General, Keyboard, Keyboards, Add New Keyboard என்ற வழியில் தமிழைச் சேர்க்கலாம். அங்கே ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் அஞ்சல், விசைகளிலேயே தமிழ் எழுத்துகள் இருக்கும் தமிழ்99 என்ற இரண்டு அமைப்புகளும் கிடைக்கும். தினமும் நிறைய எழுதப்போகிறவர்கள் தமிழ்99 பழகுவது நல்லது. இது தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட அமைப்பு. பழக்கமானால் கை வேகமாக ஓடும்.

4. அனுப்பும் முன் படியுங்கள்

abc → தமிழ் அமைப்பில் இடைவெளி விசையை அழுத்தியதும், அது முதலாவதாக ஊகித்த சொல் விழுந்துவிடும். அவசரத்தில் வழிக்குப் பதில் வலி போய்விடுவது இப்படித்தான். மேலே உள்ள பட்டையில் வேறு சொற்களும் தெரியும், சரியானதைத் தொட்டால் போதும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் அதிகம் தவறும், அவற்றை மட்டுமாவது இரண்டு முறை பாருங்கள். மைக் படத்தைத் தொட்டுப் பேசி எழுதுகிறவர்கள் எண்களைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

5. நண்பர்களுக்கு

இங்கே நான் கெடுபிடி பார்ப்பதில்லை. இருவரும் ஆங்கில எழுத்தில் பழகிவிட்டால் அப்படியே தொடரலாம். ஆங்கில விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் enna என்று அடித்தது Emma என்று போய் நிற்கும்.

ஆனால் பிறகு தேடி எடுக்க வேண்டிய விஷயத்தை நண்பருக்கும் தமிழ் எழுத்தில் அனுப்பச் சொல்வேன். ஒருவர் maathirai என்பார், இன்னொருவர் mathirai என்பார், மூன்றாமவர் mathra என்பார். ஆறு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் தேடினால் எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவது? மாத்திரை என்று எழுதியிருந்தால் ஒரே தேடலில் கிடைக்கும்.

6. குடும்பக் குழுவில்

ஒரே குழுவில் தாத்தாவும் இருப்பார், தமிழ் படிக்கத் தெரியாமல் வெளிநாட்டில் வளர்ந்த பேரனும் இருப்பான். காதுகுத்து, வளைகாப்பு, துக்கச் செய்தி போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் முதலில் போட்டு, அதே செய்தியில் கீழே ஆங்கில எழுத்திலும் ஒரு முறை போடுங்கள். தனித்தனிச் செய்தியாகப் போட்டால் ஒன்று மேலே போய் மறைந்துவிடும். துக்கச் செய்தியில் இறந்தவர் பெயர், உறவுமுறை, எடுக்கும் நேரம் மூன்றும் இரண்டு எழுத்திலும் இருக்கட்டும்.

7. பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு

இவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.தான் வழி, அதில் கணக்கு வேறு. ஆங்கில எழுத்து என்றால் ஒரு செய்தியில் 160 குறிகள் வரை போகும். தமிழ் எழுத்து கலந்தால் 70-தான். "கா" என்ற ஓர் எழுத்துக்கே க, துணைக்கால் என்று 2 குறிகள் ஆகும். நீளமாக எழுதினால் பல துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு ஒரு செய்தியாகக் கணக்காகும். சில பழைய போன்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகவே தெரியும். அதனால் முதலில் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் தமிழில் அனுப்பி, போன் செய்து, திரையில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கட்டங்கள்தான் தெரிகின்றன என்றால், அவருக்கு மருந்து விஷயத்தைச் செய்தியாக அனுப்பாமல் போனிலேயே சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.