பிளெண்டரில் ரீடோபாலஜி: கண், வாய் லூப்பிலிருந்து தொடங்குவது எப்படி?

பல லட்சம் பாலிகன் உள்ள ஸ்கல்ப்ட்டை அப்படியே ரிக் செய்தால் வாயைத் திறக்கும்போது கன்னம் கசங்கும். அதன்மேல் குவாட்களால் புது மெஷ் ஒன்றைப் போர்த்த வேண்டும். நெற்றியிலிருந்து தொடங்காதீர்கள். அதிகம் அசைவது கண்ணும் வாயும்தான். அவற்றை முதலில் முடித்துவிட்டால் மற்ற இடமெல்லாம் இடைவெளியை நிரப்பும் வேலைதான்.

முதலில் அமைப்பு. கண்விழிகள் ஸ்கல்ப்டோடு ஒட்டியிருந்தால் தனி ஆப்ஜெக்டாகப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இமையின் வெர்டெக்ஸ்கள் விழியில் போய் ஒட்டும். புது மெஷ்ஷில் `Mirror` மாடிஃபையரைப் போட்டு `Clipping`ஐ இயக்குங்கள். அதற்குக் கீழே `Shrinkwrap` போட்டு, ஸ்கல்ப்ட்டை டார்கெட்டாகக் கொடுங்கள். ஸ்னாப்பிங்கில் `Face Project` வேண்டும். பிளெண்டர் 3.6 முதல் எடிட் மோடின் ஓவர்லேயில் `Retopology` இருக்கிறது. அதை இயக்கினால் புது மெஷ் ஸ்கல்ப்டுக்குள் புதைந்து மறையாது.

இமை ஓரத்தில் 16 வெர்டெக்ஸ் கொண்ட வட்டத்தை வைத்து, `E`, பிறகு `S` அழுத்தி வெளிப்பக்கமாக மூன்று சுற்று இழுங்கள். வாய்க்கும் அதே 16 வட்டம்தான். ஆனால் பாதியை அழித்துவிடுங்கள், மறுபாதியை மிரர் பார்த்துக்கொள்ளும். வாய் மூடிய ஸ்கல்ப்ட்டில் மேலுதட்டின் வெர்டெக்ஸ் கீழுதட்டில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாயைச் சற்றே திறந்து ஸ்கல்ப்ட் செய்வது நல்லது.

இனி கன்னத்தில் இரண்டு லூப்களையும் இணைக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். குவாட்களால் மட்டும் நிரப்பும் எந்தத் திட்டின் விளிம்பிலும் எட்ஜ்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே ஆகவேண்டும். ஒற்றைப்படையாக வந்தால் எங்கோ ஒரு முக்கோணம் முளைக்கும். எவ்வளவு நகர்த்தினாலும் போகாது. நிரப்புவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள்.

கண்ணருகே நெருக்கமாக இருக்கும் எட்ஜ்களைக் கன்னத்தில் குறைக்க மூன்றை ஒன்றாக்குவதே வசதி. மேலே மூன்று எட்ஜ், கீழே ஒன்று. மேல் வரிசையின் நடு எட்ஜிலிருந்து ஒரு சிறிய குவாட்டைக் கீழ்நோக்கி இழுத்து, அதன் கீழ் மூலைகள் இரண்டையும் கீழ் எட்ஜின் இரு முனைகளோடு சேர்த்தால், நடுவிலும் இருபக்கமும் கீழுமாக மொத்தம் நான்கு குவாட் கிடைக்கும். இரண்டை ஒன்றாக்கப் பார்த்தால் முக்கோணம்தான் மிச்சம்.

இப்படிக் குறைக்கும்போது மூன்று எட்ஜ், ஐந்து எட்ஜ் சேரும் போல்கள் உருவாகும். அது தவறல்ல. கன்ன எலும்பு போல அதிகம் மடங்காத இடத்தில் அவை இருக்கட்டும். உதட்டு ஓரத்தில் விழுந்தால் சிரிக்கும்போது அங்கே முடிச்சு தெரியும்.

சரிபார்க்க, வாயைச் சுற்றிய ஓர் எட்ஜை `Alt` அழுத்திக் கிளிக் செய்யுங்கள். லூப் மூக்கின் கீழ் நடுக்கோட்டில் தொடங்கித் தாடையின் நடுக்கோட்டில் முடிய வேண்டும். கழுத்துப் பக்கம் வழுகி ஓடினால் அது சுருளாகிவிட்டது; இடையில் எங்கோ ஒரு வரிசை தள்ளி இணைத்திருக்கிறீர்கள். பிறகு `Faces by Sides`இல் எண் 4, வகை `Not Equal To` என்று கொடுத்தால் குவாட் அல்லாதவை எல்லாம் தேர்வாகும்.

கடைசியாக ஒரு தாடை எலும்பைப் போட்டு வாயைத் திறந்து பாருங்கள். உதட்டோரம் கூர்மையாக மடிந்தால், வாயைச் சுற்றி இன்னொரு லூப் சேருங்கள்.