நெஞ்சுவலி நோயாளிக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி?

குடும்ப மருத்துவராகப் புதிதாகத் தொடங்கியவர்கள் பலரும் "நெஞ்சுவலி, ஆஞ்சைனாவாக இருக்கலாம், பார்க்கவும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இதய மருத்துவருக்கு வேண்டியது நம் முடிவு மட்டுமல்ல, அந்த முடிவுக்கு நாம் எப்படி வந்தோம் என்பதும்தான்.

பேனாவை எடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: வலி ஓய்விலும் வருகிறதா? சமீபமாக அடிக்கடியோ, குறைந்த உழைப்பிலோ வருகிறதா? ஆம் என்றால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

இல்லையென்றால், முதல் வரியில் எதற்காக அனுப்புகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். "54 வயது ஆண், உழைப்பில் வரும் நெஞ்சு இறுக்கம், இதயத் தமனி நோயா என்று மதிப்பிட வேண்டுகிறேன்." அடுத்து வலியின் கதை. கடிதத்தின் உயிர் இதுதான், இதற்கு நேரம் கொடுங்கள்.

"நான்கு மாதங்களாக, இரண்டு மாடி ஏறினால் நெஞ்சின் நடுவில் 'யாரோ பிடித்து இறுக்குற மாதிரி' இருப்பதாகச் சொல்கிறார். இடது தாடை வரை பரவுகிறது. நின்றால் மூன்று நிமிடத்தில் விடுகிறது. வாரத்துக்கு இரண்டு முறை. ஓய்வில் வந்ததில்லை, இதுவரை கூடவும் இல்லை. மூச்சை இழுத்தாலோ நெஞ்சை அழுத்தினாலோ வலிப்பதில்லை."

நோயாளியின் வார்த்தையை அப்படியே வைத்ததைக் கவனியுங்கள். 'எரிச்சல்', 'குத்தல்', 'இறுக்கம்' மூன்றும் வேறு வேறு திசையைக் காட்டுபவை. நெஞ்சு, தாடை, தோள் அல்லது கையில் இறுக்கம், உழைப்பில் வருவது, ஓய்வில் சுமார் ஐந்து நிமிடத்துக்குள் அடங்குவது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வழக்கமான ஆஞ்சைனா என்கிறோம். கடைசி வரியில் 'இல்லை' என்று எழுதியதும் வீண் இல்லை: தசை, நுரையீரல் உறை பற்றியும் யோசித்தீர்கள் என்பது அதில் தெரியும்.

அப்புறம் இ.சி.ஜி. வலி இல்லாத நேரத்தில் எடுத்தது என்றால் அதையும் எழுதுங்கள். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி இயல்பாக இருந்தாலும் ஆஞ்சைனா இல்லை என்று ஆகிவிடாது. நகலை இணைத்துவிடுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் ஓரிரு வரி போதும். மருந்துகளை அளவோடு எழுதுங்கள். ஆஸ்துமா இருந்தால் தவறாமல் குறிப்பிடுங்கள், பீட்டா பிளாக்கர் தரும்போது அது முக்கியம். கிரியாட்டினின் அளவு இருந்தால், சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி.க்கு முன் அதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

கடைசியாக, காத்திருக்கும் நாட்களுக்கு நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள்: "ஆஸ்பிரின், ஸ்டாடின் தொடங்கியிருக்கிறேன். ஓய்வில் வலி வந்தாலோ, நின்றும் விடாவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லியிருக்கிறேன்."