ஹால் கப்போர்டில் பில், வாரண்டி, பத்திரம்: எங்கே தவறுகிறோம்?

ஃப்ரிட்ஜ் வாங்கிய ஆறாவது வருடம் கம்ப்ரசர் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு ஃப்ரிட்ஜுக்கும் ஒரு வருடம், கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருடம் என்று வாங்கும்போதே கடையில் சொல்லியிருப்பார்கள். சர்வீசுக்கு வருபவர் முதலில் கேட்பது பில்லைத்தான். ஹால் கப்போர்டில் பில்களுக்கென்று வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையைக் கொட்டினால் அந்தப் பில்லும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

கடைகளில் சுருளாக ஓடும் பில் மெஷினில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடுபட்டால் கறுக்கும், அவ்வளவுதான். நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்பாகக் கோடு விழுந்தால் அது இந்த வகைத் தாள். கறுத்தது கறுத்தபடியே நிற்கும் என்று நம்ப முடியாது. வெயில், புழுக்கம், எண்ணெய்க் கை, சானிடைசர் எல்லாமே எழுத்தை வெளுக்கச் செய்யும். நாம் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுவைக்கிற பளபளப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் கவர்தான் இதற்குப் பெரிய எதிரி. அந்தப் பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பில்லின் எழுத்தைத் தின்றுவிடும். ரெக்சின் வாசம் அடித்து, தாளோடு ஒட்டிக்கொள்கிற கவர் என்றால் பெரும்பாலும் அதுதான். செலோடேப்பின் பசையும், முக்கியமான வரி என்று ஹைலைட்டர் பேனாவால் இழுக்கும் கோடும் இதே வேலையைச் செய்கின்றன.

இதைவிட மோசம், பில்லை லேமினேட் செய்வது. லேமினேஷன் என்பதே சூடுதான். மெஷினுக்குள் போன பில் மறுபக்கம் முழுக்கக் கறுத்து வெளியே வரும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வாங்கிய அன்றே, முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள், சாதாரண ஏ4 தாளில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் மை எளிதில் போகாது. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு சின்னப் பில்களைச் சேர்த்து எடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், ஒரு பொருளுக்கு ஒரு தாள். காரணம் கொஞ்சம் பொறுத்து வருகிறது. அசல் பில்லைக் காகிதக் கவரில் போட்டு அந்த ஜெராக்ஸோடு வையுங்கள். ஏற்கெனவே வெளுத்துப்போன பில் இருந்தால், அதை ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் எழுத்து தெரியும். அதுவும் வராவிட்டால், வாங்கும்போது கொடுத்த மொபைல் நம்பரைச் சொல்லிக் கடையில் நகல் பில் கேளுங்கள். பெரிய கடைகளில் பழைய விற்பனைக் கணக்கு பொதுவாகக் கம்ப்யூட்டரில் இருக்கும்.

அடுத்த தவறு, பிரிக்கும் முறையில் வருகிறது. பில்லுக்கு ஒரு ஃபைல், வாரண்டி கார்டுக்கு ஒரு ஃபைல், மேனுவலுக்கு ஒரு அட்டைப்பெட்டி என்று வைத்தால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஏ.சி. நின்றுபோன அன்று மூன்று இடத்தில் தேட வேண்டும். தேடுகிற நேரத்தில் நம் மனதில் இருப்பது "பில்" இல்லை, "ஏ.சி." அதனால் தாளின் வகையை வைத்துப் பிரிக்காமல், பொருளை வைத்துப் பிரியுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு கவர். ஒரு பொருளுக்கு ஒரு ஜெராக்ஸ் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

நம் ஃப்ரிட்ஜின் கவருக்குள் என்னென்ன இருக்க வேண்டும்? பில்லும் ஜெராக்ஸும். கடை முத்திரையும் வாங்கிய தேதியும் போட்ட வாரண்டி கார்டு. முத்திரை இல்லாமல் கார்டை வாங்கி வந்துவிடுவது மிகவும் சகஜம், கடையை விட்டுக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும். இவை ஃப்ரிட்ஜின் உள்சுவரிலோ பின்புறத்திலோ ஸ்டிக்கராக இருக்கும். பின்புறம் இருந்தால், ஃப்ரிட்ஜைச் சுவரோடு தள்ளிய பிறகு அதைப் படிக்க முடியாது என்பதால், வந்த அன்றே ஜெராக்ஸ் தாளின் மேல் பேனாவால் எழுதிவிடுவது நல்லது. கடைசியாக, ஒவ்வொரு முறை சர்வீசுக்கு வந்தவர் கொடுத்த சீட்டு.

மேனுவலைத் தூக்கிப் போடும் முன் ஒரு விஷயம். பல கம்பெனிகள் வாரண்டி கார்டைத் தனியாகத் தருவதில்லை, மேனுவலின் கடைசிப் பக்கங்களில்தான் அச்சடிக்கின்றன. அந்தப் பக்கங்களை வெட்டிக் கவரில் வைத்துக்கொண்டால், ஏழெட்டு மொழியில் அச்சான மீதிப் புத்தகம் கப்போர்டில் இடத்தை அடைக்க வேண்டியதில்லை. வெட்டும்போதே நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடலாம். கம்ப்ரசர் இலவசம் என்றாலும் கேஸ் நிரப்பும் செலவும் ஆள் வரும் கூலியும் நம்முடையது என்று அங்கேதான் எழுதியிருக்கும். இன்வர்ட்டர் பேட்டரியில் 36+24 மாதம் என்று போட்டிருந்தால், முதல் 36 மாதம்தான் இலவச மாற்று. அடுத்த 24 மாதத்தில் புதிய பேட்டரிக்கு விலையில் ஒரு பங்கு கழிவு மட்டும். அறுபது மாதமும் இலவசம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

பில் இல்லையென்றால் வாரண்டியே கிடையாதா? அப்படியும் இல்லை. சீரியல் நம்பரிலிருந்து தயாரித்த மாதம் தெரியும் என்பதால், சில கம்பெனிகள் அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் பொருள் கடையில் எட்டு மாதம் நின்றிருந்தால் அந்த எட்டு மாதமும் நமக்கு நஷ்டம்.

சரி, இதையெல்லாம் கப்போர்டில் எங்கே வைப்பது? ஃபைலை வாங்கி வந்த பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வி எழுகிறது. வளையக் கம்பி வைத்த பெரிய பாக்ஸ் ஃபைல் ஏறக்குறைய 32 செ.மீ. உயரம், 28 செ.மீ.க்கு மேல் ஆழம். ஹால் ஷோகேஸ்களில் பொம்மைக்கும் கோப்பைக்கும் அளவெடுத்த பத்து அங்குல ஆழத் தட்டுகள் நிறைய. அது 25 செ.மீ.தான், ஃபைலை நிறுத்தினால் கதவு மூடாது. டிவி யூனிட்டின் அடித்தட்டுகள் பொதுவாக ஆழம் கூடியவை. எதுவானாலும் முதலில் உள்பக்கத்தை டேப்பால் அளந்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள். ஆழம் போதாத தட்டு என்றால், கவர்களைப் பெயர் தெரிகிற மாதிரி நிறுத்தி வைக்கும் சிறிய பிளாஸ்டிக் கூடை போதும்.

டிவி யூனிட் என்றதும் செட்டாப் பாக்ஸும் வைஃபை ரூட்டரும் நினைவுக்கு வர வேண்டும். இரண்டும் நாள் முழுக்கச் சூடாக இருப்பவை. அவற்றுக்கு நேர் மேல்தட்டு, பில்களுக்கு ஏற்ற இடமே அல்ல. தரையை ஒட்டிய தட்டும் வேண்டாம், வீடு துடைக்கும் தண்ணீர் பிளைவுட் வழியாக ஏறும். கரையான் வந்தாலும் முதலில் அங்கேதான் வரும். கப்போர்டு வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாகவோ பூஞ்சை வாசமாகவோ இருந்தால் ஃபைலை அங்கே நிறுத்தக் கூடாது. வேறு இடமே இல்லையென்றால், பின்பலகையிலிருந்து இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது பழைய வழக்கம். ஆனால் அது பக்கத்தில் இருக்கும் சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், எல்லோரும் உட்காரும் ஹாலில் அந்த நெடியும் தேவையில்லை. துணியில் முடிந்த வசம்பு போதும், கூடவே வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தூசி தட்ட வேண்டும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து அமைத்த பிறகு வரும் ஆசைதான் பெரிய தவறு. "எல்லாமே ஒரே இடத்தில் இருக்கட்டும்" என்று வீட்டுப் பத்திரத்தையும் அங்கே வைப்பது. ஹால் கப்போர்டு, வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்து ஆவணங்கள் நாசமாகி, நகல் வழங்குவதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அசல் பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் என்று அலைச்சல் நீளும். அதனால் அசல் பத்திரமும் மூலப்பத்திரமும் பேங்க் லாக்கரில் இருக்கட்டும். ஹாலில் அவற்றின் ஜெராக்ஸ் இருந்தால் போதும், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றோடு. பத்திரத் தாள் ஏ4-ஐ விட நீளமானது என்பதையும் மறக்க வேண்டாம். ஏ4 ஃபைலில் திணிக்க மடித்தால், அந்த மடிப்பிலேயே ஒருநாள் கிழியும். லீகல் சைஸ் என்று கேட்டு வாங்குங்கள். பஞ்ச் ஓட்டை போடவே கூடாது.

மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றின் அசலையும் லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ சான்றொப்பம் வாங்கும்போது தாளின் மேலேயே முத்திரை குத்த வேண்டிவரும். லேமினேட் செய்ததை வாங்க மறுப்பார்கள், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும்.

கடைசியாக, எதைக் கழிப்பது? இ.பி. கட்டணம், போன், கேஸ் பில்கள் ஒரு வருடத்துக்கு மேல் தேவைப்படுவது அரிது. பொருளைத் தூக்கிப் போட்ட அன்றே அதன் கவரையும் காலி செய்துவிடலாம். ஆனால் இந்தக் கழித்தலில்தான் பலர் வேண்டியதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். மாடி எடுத்தது, கூடுதல் அறை கட்டியது போன்ற செலவுகளின் பில்களும் பணம் கொடுத்த ரசீதுகளும் வீட்டை விற்கும் வரை வேண்டும். விற்ற லாபத்துக்கு வரி கணக்கிடும்போது அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், ஆதாரம் இருந்தால். நகை பில்லையும் கழிக்கக் கூடாது. அதை நகைப் பெட்டிக்குள்ளேயே வைப்பது பலருக்கு வழக்கம். பெட்டி திருடு போனால், போலீசிலும் இன்சூரன்சிலும் காட்ட வேண்டிய எடையும் விவரமும் பெட்டியோடு போய்விடும். நகை ஒரு இடம் என்றால் பில் வேறு இடம், ஹால் கப்போர்டில் ஃப்ரிட்ஜ் கவருக்குப் பக்கத்தில் அதன் ஜெராக்ஸ் இருந்தாலும் போதும்.