வண்டிக்காரருக்கு 2,000, விவசாயிக்கு 150: விளம்பரச் செலவை எப்படி ஒப்பிடுவது?

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல் அறுவடை வண்டி வைத்திருப்பவர்களையும், அதை வாடகைக்குத் தேடும் விவசாயிகளையும் இணைக்கும் ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டிக்காரர் விற்பவர், விவசாயி வாங்குபவர். இரு தரப்புக்கும் தனித்தனி விளம்பரம் ஓடுகிறது. ஒரு ஆக்டிவ் வண்டிக்காரருக்கு 2,000 ரூபாய் செலவாகிறது, ஒரு ஆக்டிவ் விவசாயிக்கு 150 ரூபாய்தான். மீதிப் பணத்தை விவசாயி விளம்பரத்தில் போடலாமா? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

படி 1: யார் ஆக்டிவ் என்று முடிவு செய்யுங்கள்

செயலியை இறக்கியவர், பெயர் பதிந்தவர் எல்லாம் கணக்கில் வரக் கூடாது. ஒரு வயலாவது அறுத்து முடித்த வண்டிக்காரர், ஒரு முறையாவது வயலை அறுக்கக் கொடுத்த விவசாயி, இவர்கள்தான் ஆக்டிவ்.

பலரும் 'கடந்த 30 நாள்' என்று கால அளவு வைப்பார்கள். டெல்டாவில் அது ஒத்துவராது. சம்பா நெல்லை ஜனவரியில் அறுத்தவருக்கு மார்ச்சில் வண்டி எதற்கு? அவரை விட்டுப் போனவராகக் காட்டினால் கணக்கே தப்பு. குறுவைக்கு ஒன்று, சம்பா, தாளடிக்கு ஒன்று என்று பருவத்தையே அளவாக வையுங்கள்.

படி 2: யார் எந்த விளம்பரத்தில் வந்தார்?

இரண்டு விளம்பரத்தின் இணைப்பிலும், ஆள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் `utm_campaign` குறியில் `seller_ad`, `buyer_ad` என்று வெவ்வேறு பெயர் போடுங்கள். போனில் அழைப்பவர்களே அதிகம் என்றால், இரண்டுக்கும் வேறு வேறு போன் எண் கொடுத்துவிடுவது இன்னும் சுலபம். அப்புறம் ஷீட்டில் B பத்தியில் விளம்பரப் பெயர், D பத்தியில் முடிந்த வேலைகளின் எண்ணிக்கை:

```
=COUNTIFS(B:B,"seller_ad",D:D,">=1")
=COUNTIFS(B:B,"buyer_ad",D:D,">=1")
```

அந்தந்த விளம்பரச் செலவை இந்த எண்ணால் வகுத்தால் ஆள் ஒருவருக்கான செலவு வந்துவிடும்.

படி 3: கேட்டவர்களையும் எண்ணுங்கள்

வண்டிக்காரர் விளம்பரத்துக்கு 20,000 ரூபாய் செலவு, 10 பேர் ஆக்டிவ். ஆளுக்கு 2,000. விவசாயி விளம்பரத்துக்கு 24,000 ரூபாய், 160 பேருக்கு அறுவடை முடிந்தது. ஆளுக்கு 150.

ஆனால் வண்டி கேட்டவர்கள் 400 பேர். 240 பேருக்கு வண்டி கிடைக்கவில்லை. அதாவது விளம்பரம் ஒரு விவசாயியை 60 ரூபாய்க்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அது 150 ஆனதற்குக் காரணம் வண்டித் தட்டுப்பாடு. வாங்குபவருக்கான செலவுக்குள் விற்பவர் பக்கத்துக் குறை ஒளிந்திருக்கும். இந்தக் கணக்கில் முக்கியமான இடம் இதுதான்.

படி 4: இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

பொது அலகு, அறுவடை முடிந்த விவசாயி. ஒரு வண்டி 16 விவசாயிகளுக்கு அறுத்திருக்கிறது (160/10). எனவே வண்டிக்காரருக்கான 2,000 ரூபாயை 16-ஆல் வகுத்தால் 125. விவசாயி பக்கம் 150. மொத்தம் 275. இப்போது பார்த்தால் 'விலை கூடிய' வண்டிக்காரர் பக்கம்தான் குறைவு.

இன்னும் 12,000 ரூபாய் இருக்கிறது. விவசாயி பக்கம் போட்டால் மேலும் 200 பேர் வண்டி கேட்பார்கள். வண்டி இல்லாததால் முடிந்த எண்ணிக்கை அதே 160. ஆளுக்கான செலவு 150-லிருந்து 225 ஆகிவிடும்.

வண்டிக்காரர் பக்கம் போட்டால் 6 வண்டி கூடும். தலா 16 என்றால் இன்னும் 96 பேருக்கு அறுவடை முடியும், மொத்தம் 256. விவசாயி விளம்பரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அங்கே ஆளுக்கான செலவு 94 ரூபாய்க்கு இறங்கும்.

ஒன்று கவனியுங்கள். அந்த 240 பேர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். முற்றிய நெல் மழையில் சாயும் என்ற பயத்தில் ஊர் புரோக்கரிடம் போய்விடுவார்கள். அதனால் வண்டிக்காரர் விளம்பரம் அறுவடைக்கு முன்பே, சம்பாவுக்கு என்றால் டிசம்பரிலேயே, ஓடியிருக்க வேண்டும்.

படி 5: வண்டி உண்மையிலேயே போதவில்லையா?

மேலே சொன்னது எல்லாம் வண்டிகள் ஓய்வின்றி ஓடினால்தான் பொருந்தும். ஒவ்வொரு வண்டியும் எத்தனை நாள் சும்மா நின்றது என்று பாருங்கள். வண்டி நிற்கிறது, விவசாயிக்கும் கிடைக்கவில்லை என்றால் வண்டியின் ரகம் வயலுக்குப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். ஈரம் காயாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் வேண்டும். மழை பெய்த வாரத்தில் 10 வண்டியில் 6 டயர் வண்டி என்றால், உங்களிடம் இருப்பது 4 வண்டிதான். அப்போது பெல்ட் வண்டிக்காரருக்கான செலவைத் தனியாகப் போடுங்கள். விளம்பரத்திலும் பெல்ட் வண்டியையே கேளுங்கள்.

ஏற்ற ரக வண்டிகளே நாள்கணக்கில் நின்று, வண்டி கேட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது என்றால், அந்த வாரத்திலிருந்து பணத்தை விவசாயி விளம்பரத்துக்குத் திருப்புங்கள்.